கோட்டுக்குக் கீழே எத்தனை பேர்? – சில குறிப்புகள்

அங்கன்வாடிகளில் குழந்தைகளின் வளர்ச்சியைக் குறிக்கும் வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு, இடமிருந்து வலமாக வளைந்து மேலேறும் கோடுகள் நினைவிருக்கும். நடுவில் ஒரு கோடு. அதற்குக் கீழே −2 என்று ஒன்று, −3 என்று இன்னொன்று. பிளஸ் டூ வணிகக் கணிதப் புத்தகத்தில் மணி வடிவத்தில் ஒரு வளைவு வரைந்து, ஒரு பக்கம் நிழலிட்டு, "இப்பரப்பைக் காண்க" என்று கேட்டிருப்பார்கள். இரண்டும் ஒன்றே என்று பள்ளியில் யாரும் சொல்வதில்லை. அந்த −2தான் z. வளர்ச்சி வரைபடத்தை 36 மாதம் என்ற இடத்தில் செங்குத்தாக வெட்டிப் பக்கவாட்டில் பார்த்தால், வெட்டுமுகத்தில் தெரிவது மணி வளைவு. 37ஆம் மாதத்தில் வெட்டினால் சற்றே அகலமான, சற்று மேலே தள்ளிய இன்னொரு மணி வளைவு.

*

இந்த வளைவு யாருடைய உயரங்களிலிருந்து வந்தது என்பதை முதலில் எழுதி வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும். உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் குழந்தைகளை அளந்தது. இந்தியாவின் பங்கு தெற்கு டெல்லியிலிருந்து போனது. தாய்ப்பால் குடித்த, புகைபிடிக்காத தாய்மாரின், வசதிக்குக் குறைவில்லாத வீட்டுக் குழந்தைகள். 2006 ஏப்ரலில் தரநிலைகள் வெளியாயின. ஆகவே இது "உலகக் குழந்தைகள் எப்படி இருக்கிறார்கள்" என்ற கணக்கு அல்ல. தடையில்லாமல் வளர்ந்தால் எப்படி இருப்பார்கள் என்ற கணக்கு.

*

கணக்கைப் போட்டுவிடலாம். மூன்று வயது முடிந்த, அதாவது 36 மாதமான சிறுமி. தரநிலையின்படி சராசரி உயரம் 95.1 செ.மீ., திட்ட விலக்கம் 3.8 செ.மீ. திருவண்ணாமலையில் ஒரு சிறுமியை நிற்க வைத்து அளக்கிறோம், 90.5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். தரநிலைக் குழந்தைகளில் இவளைவிடக் குள்ளமானவர்கள் எத்தனை பங்கு?

சராசரிக்கும் இவளுக்கும் இடைவெளி 90.5 − 95.1 = −4.6 செ.மீ. இதைச் செ.மீ.யிலேயே வைத்துக்கொண்டால் அட்டவணையில் தேட முடியாது. ஒவ்வொரு வயதுக்கும் ஓர் அட்டவணை வேண்டியிருக்கும். திட்ட விலக்கத்தால் வகுத்தால் எல்லா வயதுக்கும் ஒரே அட்டவணை போதும்.

z = −4.6 / 3.8 = −1.21

சராசரியிலிருந்து ஒன்றேகால் திட்ட விலக்கத்துக்குக் கொஞ்சம் குறைவான தூரம், இடப்பக்கமாக. z சொல்வது இவ்வளவுதான். வகுத்த பிறகு செ.மீ. என்ற அலகே காணாமல் போய்விடும். z-க்குப் பின்னால் யாராவது செ.மீ. என்று எழுதியிருந்தால் அங்கேயே நிறுத்திக் கேட்க வேண்டும்.

*

அட்டவணையை எடுக்குமுன் படம் வரைய வேண்டும். டியூஷனுக்கு வரும் பிள்ளைகளிடம் இதற்காகவே சண்டை போடுகிறேன். "படம் எதுக்கு சார், கால்குலேட்டர்லயே வருதே" என்பான் ஒருவன். வரும், எது வரும் என்பதுதான் கேள்வி.

நம் மாணவர்கள் பயன்படுத்தும் அட்டவணை பெரும்பாலும் 0 முதல் z வரையிலான பரப்பைத் தருவது. 1.21-க்கு நேராக 0.3869 என்று இருக்கும். குறைக்குறி அட்டவணையில் கிடையாது. வளைவு இருபுறமும் ஒன்றுபோல் இருப்பதால் −1.21-க்கும் அதே எண். இந்த 0.3869 எந்தத் துண்டு? சராசரியில் நிற்கும் செங்கோட்டுக்கும் நம் சிறுமி நிற்கும் கோட்டுக்கும் நடுவே உள்ள துண்டு. நமக்கு வேண்டியதோ அவளுக்கு இடப்பக்கம் வால்போல் நீளும் துண்டு. வளைவின் பாதி 0.5. ஆகவே

0.5 − 0.3869 = 0.1131

நூற்றுக்குப் பதினொன்று. படம் வரைந்து வாலை நிழலிட்டவன் 0.3869 என்று விடை எழுத மாட்டான். நிழலிட்ட இடம் பாதியில் பாதிகூட இல்லை, 39 விழுக்காடு எப்படி வரும் என்று கண்ணே தடுத்துவிடும்.

இன்னொரு வகை அட்டவணை இடது முனையிலிருந்து z வரை மொத்தப் பரப்பையும் தரும். அதில் −1.21-க்கு நேரடியாக 0.1131 கிடைக்கும். அந்த அட்டவணையை வைத்துக்கொண்டு 0.5-லிருந்து கழிப்பவர்களும் இருக்கிறார்கள். கையில் இருப்பது எந்த வகை என்று தெரிய ஒரே சோதனை: z = 0-க்கு நேரே பாருங்கள். 0.0000 என்றால் முதல் வகை, 0.5000 என்றால் இரண்டாவது. கணினியில் எக்செல் தருவதும் இரண்டாவது வகைதான்:

```
=NORM.S.DIST(-1.21, TRUE)
```

*

துண்டுகளைக் கூட்டுவதா கழிப்பதா என்பதும் படத்திலேயே தெரியும். 90.5-க்கும் 97.0-க்கும் இடையில் எத்தனை பங்கு? 97-க்கு z = 1.9 / 3.8 = 0.5, பரப்பு 0.1915. இரண்டும் சராசரியின் இரு பக்கங்களில் இருப்பதால் கூட்டல்: 0.3869 + 0.1915 = 0.5784. −2-க்கும் −1.21-க்கும் இடையில்? இரண்டும் ஒரே பக்கம். பெரிய துண்டிலிருந்து சின்னத் துண்டைக் கழிக்க வேண்டும்: 0.4772 − 0.3869 = 0.0903. "எதிரெதிர்ப் பக்கம் என்றால் கூட்டு, ஒரே பக்கம் என்றால் கழி" என்று மனப்பாடம் செய்கிறார்கள். செய்யட்டும். ஆனால் படம் போட்டவனுக்கு அந்த மனப்பாடம் வேண்டியதில்லை.

*

சரி, 11 விழுக்காடு. இதற்கு என்ன பொருள்?

இந்தச் சிறுமிக்கு ஊட்டக்குறைவு இருக்க 11 விழுக்காடு வாய்ப்பு என்று பொருள் அல்ல. 89 விழுக்காடு நலமாக இருக்கிறாள் என்பதும் அல்ல. நிழலிட்ட பரப்பு இந்தக் குழந்தையைப் பற்றிப் பேசவே இல்லை. தடையின்றி வளர்ந்த 36 மாதச் சிறுமிகளில் ஒருத்தியைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தால், அவள் 90.5 செ.மீ.க்குக் குறைவாக இருக்க வாய்ப்பு 0.1131. அவ்வளவுதான். நூறு பேரில் பதினொருவர் நலமாக இருந்துகொண்டே இவளைவிடக் குள்ளமாக இருப்பார்கள். அப்பா அம்மா குள்ளமாக இருந்திருக்கலாம்.

−2 கோட்டைப் பற்றியும் இதே. 95.1-லிருந்து இரண்டு திட்ட விலக்கம் இறங்கினால் 87.5, அச்சிட்ட அட்டவணையில் 87.4 என்று இருக்கும், சராசரியையும் திட்ட விலக்கத்தையும் இன்னும் நுணுக்கமாக எடுப்பதால் வரும் வேறுபாடு அது. அதற்குக் கீழே 0.5 − 0.4772 = 0.0228. அங்கே போனால் "வயதுக்கேற்ற உயரமின்மை" என்று பதிவாகும். −3-க்குக் கீழே ஆயிரத்தில் ஒருவருக்குச் சற்று மேல். அது "கடுமையான" உயரமின்மை. நலமான குழந்தைகளிலும் ஆயிரத்துக்கு 23 பேர் −2 கோட்டுக்குக் கீழே விழுவார்கள் என்று தெரிந்தேதான் கோட்டை அங்கே போட்டிருக்கிறார்கள்.

எதிர்வீட்டு அங்கன்வாடி டீச்சரிடம் இதைச் சொன்னேன். "அப்ப கோட்டுக்குக் கீழ இருக்கற கொழந்தைய விட்டுடலாமா சார்?" என்றார். விடக்கூடாது. ஒரு தடவை அளந்த எண்ணைவிட, மூன்று மாதம் கழித்து அதே z-இல் நிற்கிறாளா, இன்னும் இறங்கினாளா என்பது பெரிய சேதி. −1.21-இல் இருந்தவள் −1.8-க்கு வந்தால் அவள் −2 கோட்டுக்கு மேலேதான் இருக்கிறாள், பதிவேட்டில் எந்தக் குறியும் விழாது. ஆனால் கவலைப்பட வேண்டியது அவளைப் பற்றித்தான்.

*

கணக்கைத் தலைகீழாகவும் போடலாம். எனக்கு இதுதான் பிடித்த பகுதி. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் 25 விழுக்காடு. இந்திய அளவில் 35.5. தரநிலைப்படி −2-க்குக் கீழே 2.28 விழுக்காடு இருக்க வேண்டிய இடத்தில் 25.

இப்போது பரப்பு தெரியும், z தெரியாது. வாலில் 0.25 என்றால் சராசரிக்கும் கோட்டுக்கும் நடுவே மிச்சம் 0.25. அட்டவணையின் உடம்புக்குள் 0.25-ஐத் தேடினால் 0.2486 கிடைக்கிறது; ஓரத்தில் பார்த்தால் z = 0.67. அதாவது −2 கோடு நம் குழந்தைகளின் சராசரியிலிருந்து 0.67 மட்டுமே கீழே இருக்கிறது. அப்படியானால் நம் சராசரி −2 + 0.67 = −1.33இல் இருக்கிறது. மூன்று வயதுச் சிறுமிக்கு இதைச் செ.மீ. ஆக்கினால் 1.33 × 3.8, ஏறக்குறைய 5 செ.மீ.

"நான்கில் ஒரு குழந்தைக்கு உயரமில்லை" என்று செய்தித்தாளில் படிக்கும்போது மற்ற மூன்று பேரும் சரியாக இருக்கிறார்கள் என்றே மனம் எடுத்துக்கொள்கிறது. வளைவு அப்படிச் சொல்லவில்லை. வளைவு மொத்தமும் இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது. சராசரி −1.33 என்றால் தரநிலையின் நடுக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் 0.5 + 0.4082 = 0.9082, நூற்றுக்கு 91 பேர். நகராத வளைவில் அது 50.

ஒரு எச்சரிக்கை. நம் குழந்தைகளின் வளைவும் தரநிலையின் அதே அகலத்தில், அதாவது திட்ட விலக்கம் 1 என்று, இருப்பதாக எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. வளைவு அகலமாக இருந்தால் விடை மாறும். உதாரணத்துக்குத் திட்ட விலக்கம் 1.4 என்று வைத்தால் சராசரி −2 + 0.67 × 1.4 = −1.06. அதே 25 விழுக்காடு, நகர்வு மட்டும் குறைவு. பெரிய ஆய்வுகளில் இந்த அகலம் வழக்கமாக 1-ஐவிடக் கூடுதலாகவே வருகிறது. வெவ்வேறு வீடுகள், வெவ்வேறு ஊர்கள் கலந்திருப்பது ஒரு காரணம். ஜவ்வாது மலைக் குழந்தையும் நகரத்துக் குழந்தையும் ஒரே மாவட்டக் கணக்கில் விழுகிறார்கள். இன்னொரு காரணம் அளவைப் பிழை. அதற்குத் தனிக் குறிப்பு வேண்டும்.

*

"கூடவும் குறையவும் அளப்பார்கள், மொத்தத்தில் சரியாகிவிடும்" என்று படித்தவர்களே சொல்கிறார்கள். சராசரிக்கு அது உண்மை. வாலுக்குப் பொய்.

சராசரி −1இல் இருக்கும் ஒரு குழந்தைக் கூட்டம், திட்ட விலக்கம் 1. −3-க்குக் கீழே எத்தனை? −3 என்பது இவர்கள் சராசரியிலிருந்து 2 தள்ளி, 0.0228. ஆயிரத்துக்கு 23. இப்போது அளப்பதில் எந்தப் பக்கமும் சாயாத பிழை, அதன் திட்ட விலக்கம் z அளவில் 0.5 என்று வைப்போம். உயரத்தில் வரும் பிழையும் வயதில் வரும் பிழையும் சேர்ந்தால் இந்த அளவு எளிதில் வந்துவிடும். திட்ட விலக்கங்களை நேராகக் கூட்டக்கூடாது. வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 1 + 0.25 = 1.25, மூலம் 1.118. வளைவு அகன்றுவிட்டது. இனி −3-க்கு z = −2 / 1.118 = −1.79. வால் 0.5 − 0.4633 = 0.0367. ஆயிரத்துக்கு 37.

எந்தக் குழந்தையும் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையவில்லை. கடுமையான உயரமின்மை மட்டும் 23-லிருந்து 37 ஆகிவிட்டது. −2-க்குக் கீழே உள்ளவர்கள் 15.9 விழுக்காட்டிலிருந்து 18.7 ஆவார்கள். வால் எவ்வளவு ஒல்லியோ, பிழை அதை அவ்வளவு அதிகமாக ஊதிவிடும். இரண்டு வட்டாரங்களை ஒப்பிட்டு "அங்கே கடுமையான குறைபாடு அதிகம்" என்று சொல்லுமுன் அங்கே அளப்பது எப்படி என்று போய்ப் பார்க்க வேண்டும்.

பிழை எங்கே நுழைகிறது? உயரக் கருவியில் தலைப்பலகை இரட்டைச் சடையின் மேலேயோ கிளிப்பின் மேலேயோ உட்காருகிறது. குதிகால் பலகையைத் தொடுவதில்லை. பிள்ளை மேலே பலகையை அண்ணாந்து பார்க்கிறது. இரண்டு வயதுக்குக் கீழே படுக்க வைத்து அளக்க வேண்டும், மேலே நிற்க வைத்து. ஒரே குழந்தைக்கு இரண்டுக்கும் வேறுபாடு 0.7 செ.மீ. என்று தரநிலையே வைத்திருக்கிறது. மாற்றி அளந்தால் அதைக் கூட்டியோ கழித்தோ சரிசெய்ய வேண்டும். மூன்று வயதில் 1 செ.மீ. தவறினால் z-இல் 0.26 போகும். உண்மையில் 87.0 இருப்பவள் (−2.13) 88.0 என்று பதிவானால் (−1.87) கோட்டுக்கு மேலே வந்துவிடுகிறாள்.

பதிவேட்டைப் பார்த்தே கண்டுபிடிக்க எளிய வழி, உயரங்களின் கடைசி இலக்கம். ஒழுங்காக அளந்திருந்தால் .0 முதல் .9 வரை பத்து இலக்கங்களும் ஏறக்குறையச் சமமாக வரும். பாதிக்கு மேல் .0, .5 என்று இருந்தால் யாரோ கண்ணால் முழுமையாக்கியிருக்கிறார்கள். இன்னொன்று, z = −6 என்று வரும் குழந்தை. அந்தக் கோட்டுக்குக் கீழே தரநிலைப் பரப்பு நூறு கோடியில் ஒன்று. ±6-ஐத் தாண்டிய உயர z-ஐ உலக சுகாதார நிறுவனமே நம்பத்தகாதது என்று ஒதுக்குகிறது. அப்படி ஒன்று வந்தால் குழந்தையைவிடத் தேதியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

*

எடைக்கு இந்தக் கணக்கை அப்படியே போடாதீர்கள். 36 மாதச் சிறுமியின் நடு எடை 13.9 கிலோ. −2 கோடு 10.8, +2 கோடு 18.1. கீழே 3.1 இறங்கினால் −2, மேலே 4.2 ஏறினால்தான் +2. எடையின் வளைவு வலப்பக்கம் நீண்டு கிடக்கிறது.    உயரத்துக்குத் தரநிலையின் வளைவு அசல் இயல்நிலைப் பரவல். ஆகவே கழித்து வகுத்தால் z நேராகக் கிடைக்கிறது. எடையை முதலில் ஓர் அடுக்கால் உருமாற்றி, ஒத்த வடிவுக்குக் கொண்டுவந்த பிறகே z எடுக்கிறார்கள். இதற்கான முறையை உருவாக்கியவர் பிரிட்டனைச் சேர்ந்த டிம் கோல். அங்கன்வாடிகளின் போஷன் டிராக்கர் போன்ற செயலிகள் உள்ளே செய்ய வேண்டிய வேலை இது. கையால் போடுகிறவர் அச்சிட்ட எடை அட்டவணையில் கோடுகளைப் பார்த்துக்கொள்வதே பாதுகாப்பு.

*

கடைசியாக வயது. பெண் குழந்தை 24 மாதத்தில் சராசரியாக 85.7 செ.மீ., 36 மாதத்தில் 95.1. அந்த ஒரு வருடத்தில் மாதத்துக்கு முக்கால் செ.மீ.க்கும் சற்று மேல் வளர்கிறது. மூன்று மாதம் தவறினால் 2 செ.மீ.க்கு மேல், z-இல் அரைக்கு மேல். உயரக் கருவியில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் இந்தப் பிழையை ஈடுகட்ட முடியாது.

பிறந்த நாளைத் தீபத்தை வைத்துச் சொல்கிற பாட்டிகள் திருவண்ணாமலையில் இன்னும் இருக்கிறார்கள். "தீபம் ஏத்தி பத்து நாள் கழிச்சு பொறந்தா" என்பார்கள். கார்த்திகை தீபம் ஒரு வருடம் நவம்பரில் வரும், இன்னொரு வருடம் டிசம்பரில் வரும்; எந்த வருடத்துத் தீபம் என்பதும் சில சமயம் சந்தேகம். "மூணு முடிஞ்சு நாலு நடக்குது" என்பதை நாலு என்று எழுதிவிட்டால் 38 மாதக் குழந்தை 48 மாதமாகிவிடும். நடுக்கோட்டிலேயே வளர்கிற பிள்ளைகூட அந்த ஒரு எழுத்தில் −1.5-ஐ ஒட்டிப் போய் நிற்கும்.

ஆகவே பெற்றோருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: அங்கன்வாடியில் பெயர் கொடுக்கும்போது வாயால் வயதைச் சொல்லாதீர்கள். பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போய், அதில் உள்ள தேதியே பதிவாகிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள். அளக்கப் போகும் நாளில் சடையையும் அவிழ்த்துவிடுங்கள்.